தொட்டி விளிம்பில் பூத்த உப்பு

என் செடிகளுக்கு உப்பு போட்டுக் கொன்றுவிட்டார் என்று ஒரு பெண்ணைப் பற்றி நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேரிடம் என்று இப்போது யோசித்தால் கணக்குத் தவறுகிறது. வாடிக்கையாளர்கள், மீன்காரம்மா, என் நாத்தனார், அவர் மூலமாகத் தெருவில் பாதிப் பேர், மயிலாடுதுறை சாலையில் செடி விற்கும் இன்னொரு நர்சரிக்காரர். சொன்னது பொய் என்று தெரிந்த பிறகு இவர்களில் எத்தனை பேரிடம் திரும்பப் போய்ச் சொன்னேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அது எண்ணுவதற்குச் சுலபம்.

எங்கள் வீடு ஊரின் கடைசியில், வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடல். மேற்கே கண்ணுக்கு எட்டியவரை வயல். கணவர் கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து வளைகுடாவில். மகள் கல்லூரிக்குப் போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். வீட்டை ஒட்டி ஒரு காலி மனை சும்மா கிடந்தது. முதலில் மல்லிகையும் ரோஜாவும் தொட்டியில் வைத்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பதியம் கேட்டார்கள். பிறகு பச்சை வலை கட்டி, வாசலில் ஒரு போர்டு வைத்து, நர்சரி என்று ஆனது.

மண் கலந்து பையில் நிரப்ப ஆள் வேண்டுமென்று பால்காரரிடம் சொல்லி வைத்தேன். மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெரு. சின்ன வயதிலிருந்து நடவு, களை, அறுப்பு என்று வயலிலேயே இருந்தவர். இயந்திரம் வந்து நடவு குறைந்துபோன பிறகு கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முதல் வாரம் என்னைப் ‘பாயம்மா’ என்று கூப்பிட்டார். அப்புறம் அதுவாகவே ‘அக்கா’ ஆயிற்று. மூத்தவர் என்று தெரிந்தும் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். இப்போது ‘அவர்’ என்று எழுதும்போது என் கை கொஞ்சம் கூசுகிறது. என்னிடம் வேலை செய்த நாலு வருடமும் என் வாயில் அவர் ‘அவள்’தான்.

பை நிரப்ப வந்தவர் ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். பதியம் போட, கவாத்து வெட்ட, எந்தச் செடிக்கு எவ்வளவு நிழல் என்று பார்க்க, எதுவும் அவரிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. நோன்பு மாதத்தில் நான் சோர்ந்து போய் உள்ளே படுத்துவிடுவேன். கடையை அவர்தான் நடத்துவார். சாயங்காலம் நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு போவார். பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து கரும்பு வரும். இதையெல்லாம் வைத்து நாங்கள் சிநேகிதிகள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை தண்ணீர் கொல்லையில் இருந்த அடிபம்பிலிருந்து வந்தது. ஆழம் அதிகமில்லை, வாய்க்காலில் தண்ணீர் வந்தால் ஊறும், நல்ல தண்ணீர். ஒரு வருடம் மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலின் கடைசி வரைக்கும் வரவில்லை. பங்குனியில் அடிபம்பு காற்றைக் கக்கியது. கணவரிடம் சொன்னேன். அவர் போர் போட்டுவிடச் சொன்னார். வண்டி வந்து ஒரு பகல் முழுக்கத் துளை போட்டது. ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் பீறிட்டு வந்தது. கண்ணாடி மாதிரி தெளிவு. அதை வீடியோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன்.

வேலைக்கு வந்திருந்தவர் குழாயில் கை ஏந்தி ஒரு வாய் வைத்தார். கொப்பளித்துத் துப்பினார்.

“கரிக்குதுக்கா. இது செடிக்கு ஆகாது.”

புதுப் போர் எல்லாம் முதலில் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடத் தெளிந்துவிடும் என்று போர் போட்ட மேஸ்திரி சொன்னதை நானும் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த நாள் முதல் ஒவ்வொரு தொட்டிக்கும் அடித்துளை வழியாக ஒழுகி ஓடும் அளவுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். கேட்டதற்கு, உப்பு ஏறிய நெல்வயலில் தண்ணீரைக் கட்டி வடிப்பதுபோலத்தான், நிறைய ஊற்றினால் உப்பு கீழே இறங்கிப் போகும், கொஞ்சமாக ஊற்றினால் அங்கேயே தங்கிவிடும் என்றார்.

அதனால் நடைபாதை சேறானது. கார் வைத்திருக்கிறவர்கள், வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில் இறங்கிச் செடி பார்க்கிறவர்கள், செருப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒரு அம்மா புடவையில் சேறு பட்டு ஒன்றும் வாங்காமலே போனார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, பூவாளியால் மேலாக நனைத்தால் போதும், தினம் ஒரு தடவை, ஒரு சொட்டுகூடக் கீழே ஒழுகக் கூடாது என்று சொன்னேன். இன்னொன்றும் செய்தேன். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்துப் பூவெல்லாம் கொட்டுகிறது என்று பச்சை வலைக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டேன். அழகாக இருந்தது. அன்றிலிருந்து மழை பெய்தால் ஒரு துளியும் தொட்டிகளில் விழாது.

ஷீட் போட்ட அன்று அவர் கூரை ஓரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஓரத்தில் ஒரு பாதிக் குழாயைக் கட்டி ஒரு தொட்டிக்குள் விட்டால் பெய்கிற மழை அவ்வளவும் நமக்குத்தானே என்று கேட்டார். அந்த வாரம்தான் கொசு ஒழிக்க வந்தவர்கள் பக்கத்து வீட்டில் தேங்கிய தண்ணீரில் புழு இருக்கிறதென்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வேண்டாம், வம்பு என்று நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆடி மாதத்தில் அது தெரிய ஆரம்பித்தது. முதலில் மண் தொட்டிகளின் வெளிப்புறத்தில், சுண்ணாம்பு அடித்துப் பாதியில் விட்டமாதிரி திட்டுத் திட்டாக. அப்புறம் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். அப்புறம் மண்ணின் மேலேயே பொருக்கு. நகத்தால் கீறினால் அப்பளம் மாதிரி உடைந்தது. குண்டுமல்லியின் புதுத் தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மீதி மஞ்சளாக வந்தது. ரோஜாவின் இலை ஓரங்கள் நெருப்பில் காட்டிய காகிதம்போலக் கருகின. எலுமிச்சை இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. நான் செடி வாடுகிறதென்று இன்னும் கொஞ்சம் உரம் வைக்கச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். நான் வைக்கச் சொன்னேன். அவர் வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை நாத்தனார் வந்திருந்தார். தொட்டிகளைப் பார்த்தார். விளிம்பில் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கரித்தது.

“உப்புடி இது. யாரோ போட்டிருக்காங்க.”

யாரோ என்று அவர் சொன்னாலும், அந்த இடத்துக்குள் தினமும் வருகிறது இரண்டே பேர். நான் சொல்லாமல் விட்டதை அவர் கண்ணால் சொன்னார். அன்று சாயங்காலம் கணவரிடம் போனில் சொன்னேன். வேலைக்கு வருகிற ஆட்களை அவ்வளவு நம்பக் கூடாது என்று பல தடவை சொல்லியிருக்கிறேனே என்றார் அவர்.

அப்படியும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். கொல்லைப்பக்கம் போகாமல் இருந்திருந்தால். அடுத்த நாள் மதியம் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், உடைந்த பை ஒன்றைப் போடக் கொல்லைக்குப் போனேன். ஷீட்டின் பின்பக்க ஓரம் முடிகிற இடத்தில், குளியலறைச் சுவருக்கு மறைவில், ஒரு வரிசையாகப் பன்னிரண்டு தொட்டிகள். குண்டுமல்லி, இட்லிப்பூ, ரோஜா. எங்கள் முன்பக்கத்துச் செடிகளிலிருந்து எடுத்த பதியங்கள்தான். எல்லாம் கரும்பச்சையாக, மொட்டும் தளிருமாக நின்றன. விளிம்பில் ஒரு துளி வெள்ளை இல்லை. பக்கத்தில் வாய் உடைந்த ஒரு பழைய டிரம். அதன் வாயில் பழைய புடவைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். முன்னால் இருக்கிறவை சாகின்றன, மறைத்து வைத்தவை தழைக்கின்றன. வேறு என்ன சாட்சி வேண்டும்?

அவர் திரும்பி வந்தபோது இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. கொல்லைச் செடி யாருடையது என்று கேட்டேன். உங்களுடையதுதான் அக்கா, மழைத் தண்ணியிலே என்று அவர் ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. இங்கே இருக்கிறதைச் சாகடித்துவிட்டு உன் பங்கை மட்டும் ஒளித்து வளர்க்கிறாயா என்று கேட்டேன். தொட்டியில் என்னத்தைக் கொட்டினாய் என்று கேட்டேன்.

“தண்ணிதான்க்கா. அப்பவே சொன்னேன்ல.”

“தண்ணி தண்ணின்னு என்னை ஏமாத்தாதே. யூரியாவை வயல்ல அள்ளி அள்ளி வீசியே பழகின சனம். உன்னைக் கொண்டாந்து செடிகிட்ட விட்டேன் பாரு.”

இதை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. அந்த வார்த்தை எனக்குள்ளே எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தேட வேண்டியிருக்கவில்லை, நாக்கு நுனியில்தான் இருந்திருக்கிறது.

அவர் அழவில்லை. கத்தவும் இல்லை. வாடிக்கையாளர்கள் செடியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள். அவர் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தார். தண்ணீர் சிந்தாமல் நிதானமாக வைத்தார். கை கழுவினார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தின் மேல் ஏறிப் போனார். கொல்லையில் இருந்த பன்னிரண்டு தொட்டிகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

அந்த வாரம்தான் நான் அதிகமாகப் பேசினேன். பழைய ஆள் எங்கே என்று கேட்ட எல்லோருக்கும் காரணம் சொன்னேன். மயிலாடுதுறை சாலை நர்சரிக்காரர் கன்று வாங்க வந்தபோது, கேட்காமலே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

புதிதாக ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தேன். பூவாளியால் மேலாக நனைக்கச் சொன்னேன். உரத்தை மொத்தமாக நிறுத்தினேன். மேலே படிந்திருந்த வெள்ளையைத் துணியால் துடைக்க வைத்தேன். பத்து நாளில் திரும்பவும் வந்தது. துடைத்தோம். மறுபடியும் வந்தது, முன்னைவிடத் தடிமனாக. கொட்டுகிற கை போய்விட்டது, கொட்டுவது நிற்கவில்லை. இதைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் இருந்தேன். மனசுக்குள் ஏதோ ஒன்று நகரும்; அதை உட்கார வைத்துவிடுவேன். பழைய உப்பு மண்ணுக்குள் இருக்கும், அதுதான் மேலே வருகிறது என்று சொல்லிக்கொண்டேன். பாதி உண்மைதான் அது. எங்கிருந்து வந்த உப்பு என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த மாதத்தில் கொல்லைப் பக்கமே நான் போகவில்லை. அந்தப் பன்னிரண்டு தொட்டிகளுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. புரட்டாசியில் சாயங்கால மழை சில நாட்கள் அடித்தது. ஷீட்டின் ஓரத்திலிருந்து வழிந்த தண்ணீர் நேராக அவற்றின் மேல் விழுந்தது. ஒருநாள் துணி காயப்போடப் போனபோது பார்த்தேன். இட்லிப்பூ கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. யாரும் கவனிக்காமல், யாரும் உரம் வைக்காமல்.

வெந்நீர் அண்டாவை நான் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை புளி போட்டுத் தேய்ப்பேன். அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். போர் போட்டதிலிருந்து அப்படித்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற குழாயின் வாயிலும் வெள்ளை கட்டி, தண்ணீர் நேராக விழாமல் இரண்டாகப் பிரிந்து தெறிக்கும். இதையெல்லாம் நான் ஐந்து மாதமாகத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று இட்லிப்பூவைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து அண்டாவை எடுத்தேன். புளியை வைத்து அழுத்தினேன். அந்த வெள்ளை மெல்ல நுரைத்துக் கரைந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். புளியை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஒரு மண் தொட்டியின் விளிம்பில் பிழிந்தேன். அங்கேயும் அதே மாதிரி நுரைத்தது.

என் அண்டாவில் யார் வந்து உப்பு போட்டார்கள்?

அப்படியும் நம்ப மனமில்லை. ஒரு பாட்டிலில் போர்த் தண்ணீரும், இரண்டு பைகளில் மண்ணும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, மண்ணும் நீரும் பரிசோதிக்கிற அலுவலகத்துக்குப் போனேன். ஒரு பையில் முன்பக்கத்து மண், இன்னொன்றில் கொல்லைத் தொட்டி மண். முடிவு வாங்க இரண்டாம் தடவை போனபோது, அங்கிருந்த அதிகாரி, நிதானமாகப் பேசுகிற மனிதர், உட்காரச் சொன்னார். தண்ணீர் ரொம்பக் கடினம், சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், அதோடு உப்பும் சேர்ந்திருக்கிறது, கடல் பக்கம் ஆழமாகப் போட்ட போரில் இது புதுசில்லை என்றார். நான் பொருக்கையும் கொஞ்சம் கொண்டு போயிருந்தேன். அதன் மேல் ஒரு துளி அமிலம் விட்டுக் காட்டினார். நுரைத்தது. வெறும் உப்போ உரமோ படிந்ததாக இருந்தால் இப்படிப் பொங்காது என்றார்.

எப்படித் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். பூவாளியால், தினமும், மேலாக என்றேன்.

“கீழே வடியுமா?”

“வடியாம பாத்துக்கச் சொல்லியிருக்கேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும், உப்பை விட்டுவிட்டுப் போய்விடும்; ஒவ்வொரு நாளும் நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்; வடிய விட்டிருந்தால் இந்தத் தண்ணீரிலும் பாதிச் செடியைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னார். கொல்லை மண்ணின் தாளைப் பார்த்துவிட்டு, இது நல்லா இருக்கே, யார் பார்த்துக்கிட்டது என்று கேட்டார். வீட்டில்தான் என்று சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம். வயலெல்லாம் தண்ணீர் நின்றது. நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். போர் போட்டது நான். வடிய விடாதே என்றது நான். மழையை மறித்து ஷீட் போட்டது நான். தொட்டி வைத்து மழைத் தண்ணீர் பிடிக்க வேண்டாம் என்றது நான். வேண்டாம் வேண்டாம் என்றபோதும் உரம் வைக்கச் சொன்னது நான். அவர் செய்தது என்று எதுவும் மிஞ்சவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். மொட்டை மாடியைக் கழுவினேன். மாடிக் குழாயையும் ஷீட்டின் ஓரத்தையும் இணைத்து, இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் விழச் செய்தேன். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு தொட்டிக்குத் திருப்பினேன். வாயில் கொசு புகாத வலையை இறுக்கிக் கட்டினேன். நாலு மழையில் இரண்டும் நிரம்பின. கொசு பார்க்க வந்தவர்கள் வலையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். இவ்வளவுதான் விஷயம்.

பிறகு ஒவ்வொரு தொட்டியாக எடுத்தேன். மேல் பொருக்கை ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டி எடுத்துத் தூரக் கொட்டினேன். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மழைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். தொட்டி கொள்கிற அளவுக்கு ஒரு தடவை, வடிந்ததும் இன்னொரு தடவை, அப்புறம் இன்னொன்று. முதலில் வடிந்தது பழுப்பாக இருந்தது. ஒரு விரல் வைத்து ருசி பார்த்தேன், கரித்தது. மூன்றாவது தடவை வடிந்ததில் கரிப்பு அநேகமாக இல்லை. சுரண்டிய இடத்தில் புது மண் போட்டேன். ஒரு நாளைக்கு இருபது தொட்டிக்கு மேல் முடியவில்லை. இடுப்பு விட்டுப்போகும். நடைபாதை முழுக்கச் சேறு.

பாதிக்கு மேல் செத்துப் போயிருந்தன. எலுமிச்சையில் ஒன்றும் தேறவில்லை. ஆனால் மல்லிகை மூன்றாம் வாரத்தில் ஒரு தளிர் விட்டது. பச்சைத் தளிர். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நாக்கில் போர்த் தண்ணீர் குடித்தமாதிரி இருந்தது. பிழைத்த ஒவ்வொரு செடியும் அவர் சொன்னது சரி என்று சொல்லிக்கொண்டு நின்றது.

கார்த்திகையில் ஒரு நாள் மழை விட்ட நேரத்தில் பாலத்தைத் தாண்டிப் போனேன். நாலு வருடம் அவர் தினமும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. வீட்டைக் கேட்டு விசாரித்துப் போக வேண்டியிருந்தது. அவர் வாசலில் விறகை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

“உட்காருங்க பாயம்மா.”

அக்கா இல்லை. நான் பரிசோதனைத் தாளைக் கையிலேயே வைத்திருந்தேன். எதற்கு எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், சுண்ணாம்பு, பூவாளி. தப்பு என்னுடையதுதான் அக்கா, மன்னிச்சிடுங்க, திரும்ப வாங்க என்றேன். ‘அக்கா’ என்ற வார்த்தை என் வாயில் கடன் வாங்கியது மாதிரி இருந்தது. அவருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

அவர் விறகின் மேல் மூடியதை இழுத்துச் சரி செய்தார். அந்தக் கொல்லைச் செடி உங்களுக்குக் காட்டத்தான் வச்சேன் என்றார் பிறகு. வாயால் சொன்னால் கேட்கவில்லை, மழைத் தண்ணீரில் மட்டும் வளர்த்து, பூ பூத்ததும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று இருந்தாராம். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, விறகைத்தான் பார்த்தார்.

“தண்ணின்னு தெரிஞ்சதும் வந்திருக்கீங்க. தெரியாமலே போயிருந்தா வந்திருப்பீங்களா?”

பதில் இரண்டு பேருக்கும் தெரியும்.

“செடிக்கு உப்பு போட்டேன்னு சொன்னதக்கூட விடுங்க. கோவத்துல சொல்றதுதான். எங்க சனத்த இழுத்தீங்க பாருங்க. அதுக்கு எந்த ஆபீசுல பாத்தும் தாளு குடுக்க மாட்டாங்க.”

அதையும் அவர் கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் ஒரே ஒரு விஷயம் கேட்டார். யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமெல்லாம் இதையும் சொல்வீர்களா என்று. சொல்வேன் என்றேன். சத்தியமாக என்றேன். தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

முதலில் நாத்தனாரிடம் சொன்னேன். நடந்தது நடந்துவிட்டது, நீயே ஏன் உன் பேரைக் கெடுத்துக்கொள்கிறாய் என்றார். கணவரிடம் சொன்னேன். சரி, வேறு போர் போட முடியுமா என்று விசாரி என்றார். மீன்காரம்மாவிடம் சொன்னேன்; முதலில் நான் என்ன சொன்னேன் என்பதே அவருக்கு நினைவில்லை.

தை பிறந்து கொஞ்ச நாளில் மயிலாடுதுறை சாலை நர்சரிக்காரர் வந்தார். என் மல்லிகையைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். அவர் தொட்டிகளிலும் இந்த வெள்ளை வர ஆரம்பித்திருக்கிறது, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். சுரண்டுவது, மழைத் தண்ணீர், மூன்று தடவை வடிப்பது, பூவாளியை விட்டு நிறைய ஊற்றுவது. மழைத் தண்ணீர்த் தொட்டியில் கட்டிய வலையைக்கூட அவர் எட்டிப் பார்த்தார்.

“பரவாயில்லையே. நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க.”

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயும் திறந்தேன். அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க என்றேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. இன்று போய்ச் சொல்லலாம், நாளை போய்ச் சொல்லலாம் என்று இருபது நாள் போனது. கடைசியில் ஒரு காலையில் பஸ் ஏறி அவர் நர்சரிக்கே போனேன். நின்றபடியே சொன்னேன். அந்த அம்மா உப்பு போடவில்லை; போர்த் தண்ணீர்; ஆரம்பத்திலேயே அதைச் சொன்னது அந்த அம்மாதான்; நீங்கள் கேட்டுக்கொண்ட வைத்தியம் அவ்வளவும் அவருடையது. நர்சரிக்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வேலை கேட்டு அவர் இங்கே இரண்டு தடவை வந்தார், நீங்கள் சொன்னதால்தான் இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன் என்றார். இப்போது வரச் சொல்லட்டுமா என்றும் கேட்டார். எனக்கு நெஞ்சு லேசானது. அங்கிருந்து நேராகப் பாலத்தைத் தாண்டிப் போனேன்.

வீட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். இங்கே வேலை ஒன்றும் அமையவில்லை என்று போன வாரம்தான் அவளோடு போய்விட்டாராம். அங்கே துணியில் பிசிறு வெட்டுகிற வேலை கிடைத்திருக்கிறதாம். மகளின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று மதியமே போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். நான் யார் என்று சொன்னேன். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. நர்சரிக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் வேலை தருகிறேன் என்கிறார், அம்மாவிடம் சொல்லு என்றேன்.

“அம்மா வேலையில இருக்காங்க. சொல்றேன்” என்றாள்.

சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு மேல் நான் கூப்பிடவில்லை. அங்கிருந்தும் அழைப்பு வரவில்லை.